சனிக்கிழமை நோன்பும் முறைப்பணியும்

அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் டிரான்ஸ் வேர்ல்டு விமான நிறுவனத்தின் பராமரிப்புத் தளம் ஆண்டின் 365 நாளும் இரவு பகலாக இயங்கிற்று. அதன் பண்டகசாலை எழுத்தர் லாரி ஹார்டிசன், 1968-இல் பயிலத் தொடங்கிய சமயநெறியின்படி, வெள்ளி மாலை கதிர் மறைவு முதல் சனி மாலை கதிர் மறைவு வரை உழைப்பதில்லை எனும் நோன்பை மேற்கொண்டார். முதற் கட்டடத்தில் பணிமூப்பு துணைநின்றது; இரவு முறைக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது. பின்னர் பகற்பணி வேண்டி இரண்டாம் கட்டடத்திற்குப் பெயர்ந்தார். அங்கே மூப்புப் பட்டியல் வேறு. அவர் பெயரோ கடைசிக்கு முந்தியது! சக ஊழியர் ஒருவர் விடுப்பிற் செல்லவே, சனிக்கிழமை முறை அவர்மேல் விழுந்தது. மூப்பு விதியை மீறத் தொழிற்சங்கம் இசையவில்லை. வாரம் நான்கு நாட்பணி என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. இறுதியில் வேலை பறிபோயிற்று.

அற்பச் செலவுக்கு மேல் நிறுவனம் சுமக்க வேண்டியதில்லை என 1977-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 எனத் தீர்த்தது. மாறுபட்ட நீதிபதி மார்ஷல், மூன்று மாத மிகைநேரக் கூலி 150 டாலரே என்று சுட்டினார். அதன்பின் ஹார்டிசன் பழைய பிரிவுக்கே திரும்பியிருக்கலாம். 2023-இல் குரோஃப் வழக்கில், கணிசமான கூடுதற் செலவு நேர்ந்தாலன்றி மறுத்தல் கூடாதென அந்நீதிமன்றமே ஒருமனதாக விளக்கிற்று. பணிமூப்பு உரிமையை மட்டும் அது தொடவில்லை.