ஜோசப்சன் சந்தி

ஜோசப்சன் சந்தி (பெ.): இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனுள்ள மின்காப்புப் படலம் வைத்த இணைப்பு.

பெயர்: 1962இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த, 22 வயதான பிரையன் ஜோசப்சன் இதில் நிகழும் விளைவைக் கணித்தார். 'சந்தி' என்பது இரண்டும் கூடும் இடம்.

விளக்கம்: மீகடத்தியில் இணை இணையாகச் செல்லும் எலக்ட்ரான்கள் ஒரே அலையாக இயங்குகின்றன. இரு பக்க அலைகளின் கட்ட வேறுபாடு φ எனில், இணைகள் படலத்தை ஊடுருவுவதால் மின்னழுத்தமே இல்லாமல் I = I₀ sin φ அளவு மின்னோட்டம் பாயும். இங்கு I₀ உச்ச அளவு. φ 90 பாகையானால் ஓட்டம் உச்சத்தில் இருக்கும்; 180 பாகையில் சுழியாகும். 1 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் φ மாறிக்கொண்டே இருக்க, ஓட்டம் நொடிக்கு சுமார் 48.36 கோடி முறை அலைவுறும்.

படலத்தில் ஓட்டை விழுந்து உலோகங்கள் தொட்டுக்கொண்டாலும் மின்னழுத்தமின்றி ஓட்டம் பாயும். ஆனால் உண்மையான சந்தியில் சிறு காந்தப்புலமே ஓட்டத்தை ஏற்றி இறக்கும். 1963இல் ஆண்டர்சனும் ரோவலும் இதைக் கண்டே விளைவை உறுதிசெய்தனர்.

வழக்கு: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நியோபியச் சந்திகளால் 'ஸ்குவிட்' உணரிகளைச் செய்கிறது. திரவ ஹீலியக் குளிரில் அவை இதயத்தின் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கின்றன.