கடனில் பிடித்தம் போக கையில் கிடைப்பது எவ்வளவு?

திற்பரப்பு பகுதியில் ஏத்தன் வாழை பயிரிடும் ஒருவருக்கு ரூ.1,00,000 தேவை என்று வைத்துக்கொள்வோம். நிதி நிறுவனம் அதே தொகைக்குக் கடன் ஒப்புதல் அளிக்கிறது. ஆனால் பணம் தரும்போதே சில பிடித்தங்கள் செய்யப்படும்.

பரிசீலனைக் கட்டணம் 2% - ரூ.2,000
அதற்கு ஜி.எஸ்.டி. 18% - ரூ.360
காப்பீட்டு பிரீமியம் - ரூ.1,640
கையில் கிடைப்பது - ரூ.96,000

வட்டியோ முழு ரூ.1,00,000-க்கும் கட்ட வேண்டும். குறைந்த ரூ.4,000 பெரும்பாலும் கடைசிச் செலவில்தான் தெரியவரும். குலை தள்ளும் நேரத்தில் முட்டுக்கம்பு வாங்கப் பணம் இல்லாமல் கந்துவட்டிக்குப் போக நேரிடும்.

ரூ.4,000 கூடுதலாகக் கேட்டால் போதுமா? போதாது. பிரீமியமும் கடனுக்கேற்பக் கூடும் என்றால், ரூ.1,04,000-க்கும் 4% பிடித்து ரூ.99,840 தான் தருவார்கள். எனவே தேவையான தொகையை 0.96 ஆல் வகுக்க வேண்டும். ரூ.1,04,167 வரும். ரூ.1,04,200 ஆகக் கேட்டால் கணக்கு சரியாகும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கையெழுத்திடும் முன் அதில் கட்டணங்களையும், நிகரமாக வழங்கும் தொகையையும் பாருங்கள். காப்பீடு கட்டாயமா, விருப்பமா என்றும் கேளுங்கள்.

பயிர்ச் செலவுக்கு என்றால் முதலில் கிசான் கடன் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ரூ.3 லட்சம் வரையிலான அட்டைக் கடனுக்குப் பரிசீலனைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு 2019-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.