ரோமானியப் பந்தியும் செர்டோரியஸின் கடைசி இடமும்

விருந்துக்கு ஆள் அழைப்பது சுலபம், யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் தலைவலி. கல்யாணப் பந்தியில் மாமாவுக்கு முதல் வரிசை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோமானியர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அவர்கள் அதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார்கள்.

முதலில் அவர்கள் உட்காரவில்லை, படுத்தார்கள். சாப்பாட்டு அறையின் பெயர் ட்ரிக்ளினியம். நடுவில் மேஜை, அதன் மூன்று பக்கங்களிலும் 'ப' வடிவில் மூன்று அகலமான கட்டில்கள், நாலாவது பக்கம் பரிமாறுபவர்களுக்காகத் திறந்திருக்கும். கட்டிலுக்கு மூன்று பேர் வீதம் மொத்தம் ஒன்பது பேர். தலை மேஜைப் பக்கமும் கால் வெளிப்பக்கமும் இருக்க, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து வலது கையால் சாப்பிடுவார்கள். இப்படிப் படுத்தால் ஒருவருக்குப் பக்கத்து ஆளில் ஒருவர் முகத்துக்கு நேரே இருப்பார், இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் இருப்பார். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டில்களுக்கு மேல், நடு, கீழ் என்று பெயர். கீழ்க்கட்டில் விருந்து கொடுப்பவருடையது. வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கேதான் இடம். அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகளோடு சாப்பிடும்போது அவர்களைக் கீழ்க்கட்டிலின் பக்கத்தில் உட்கார வைப்பார் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. பழைய காலத்தில் பெண்களுக்கும் இதே விதிதான் இருந்தது, பிறகு அது தளர்ந்தது.

தலைமை விருந்தினருக்கான இடம்தான் சுவாரஸ்யமானது. அது முதல் கட்டிலின் முதல் இடம் அல்ல, நடுக்கட்டிலின் கடைசி இடம். 'கான்சல் இடம்' என்று அதற்குப் பெயர். ஏன் அங்கே என்பதற்குப் புளூட்டார்க் சில காரணங்கள் சொல்கிறார். ஒன்று, விருந்து கொடுப்பவர் பக்கத்திலேயே இருப்பார், பேசலாம், கவனிக்கலாம். இன்னொன்று, நடுக்கட்டிலும் கீழ்க்கட்டிலும் சேரும் மூலையில் ஒரு இடைவெளி கிடைக்கும். பதவியில் இருப்பவருக்குச் சாப்பாட்டு நேரத்திலும் வேலை வரும். எழுத்தர், பணியாள், மெய்க்காவலர், படைமுகாமிலிருந்து வரும் தூதர் யாராக இருந்தாலும் மற்றவர்களை இடிக்காமல் அந்த மூலை வழியாக அவரை அணுகலாம். இன்று சக்கர நாற்காலி வந்து போக மேஜை ஓரத்தில் இடம் விடுகிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை.

சரி, இப்போது கி.மு. 73-க்கு வருவோம் (72 என்று சொல்பவர்களும் உண்டு). ரோமை எதிர்த்து ஸ்பெயினில் பல வருடம் போராடிய தளபதி செர்டோரியஸ். போரில் ஒரு கண்ணை இழந்தவர். அவருக்குக் கீழே இருந்த பெர்பெர்னாவுக்குப் பொறாமை. நம் படை ஜெயித்துவிட்டது என்று ஒரு பொய்க் கடிதத்தைத் தயார் செய்து, அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட விருந்துக்கு அழைத்தார்.

அந்த விருந்தில் யார் எங்கே படுத்திருந்தார்கள் என்பதைச் சல்லஸ்ட் என்ற வரலாற்றாசிரியர் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார். நடுக்கட்டிலில் கீழ் இடம் செர்டோரியஸுக்கு, அதாவது முறைப்படி கௌரவ இடம். அவருக்கு மேலே ஃபேபியஸ். மேல்கட்டிலில் ஆன்டோனியஸ், அவருக்குக் கீழே செர்டோரியஸின் எழுத்தர் வெர்சியஸ். கீழ்க்கட்டிலில் இன்னொரு எழுத்தர் மேசெனாஸ், டார்க்விடியஸுக்கும் பெர்பெர்னாவுக்கும் நடுவில்.

கவனித்தீர்களா? செர்டோரியஸின் சொந்த ஆட்கள் இருவரும் ஆளுக்கொரு கட்டிலில் பிரிந்து கிடக்கிறார்கள், அதில் ஒருவர் பெர்பெர்னாவுக்கே பக்கத்தில். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தலைவரின் கட்டிலில் அவருடைய எழுத்தர் யாரும் இல்லை.

மீதியைப் புளூட்டார்க் சொல்கிறார். செர்டோரியஸ் ஆபாசப் பேச்சை விரும்பாதவர். வேண்டுமென்றே மற்றவர்கள் அப்படிப் பேச, காதில் விழாதது போல அவர் மல்லாந்து படுத்துவிட்டார். பெர்பெர்னா மதுக்கோப்பையைக் கீழே போட்டார், அதுதான் சைகை. மேலே படுத்திருந்த ஆன்டோனியஸ் வாளால் வெட்டினார். செர்டோரியஸ் எழ முயன்றபோது அவர் நெஞ்சின் மேல் விழுந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் இருந்திருந்தால் எழுந்தாவது நின்றிருக்கலாம். (சல்லஸ்ட் கணக்குப்படி ஆன்டோனியஸ் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். இரண்டு ஆசிரியர்களும் இங்கே முழுதாக ஒத்துப்போகவில்லை.) மெய்க்காவலர் வருவதற்கென்று விட்ட அந்த மூலை வழியாக யாரும் வரவில்லை.

பெர்பெர்னா பிறகு பாம்பேயிடம் தோற்று, பிடிபட்டு, கொல்லப்பட்டார்.

சல்லஸ்ட்டின் அந்த நூலில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. இந்த இருக்கைப் பட்டியல் மட்டும் தப்பியதற்குக் காரணம், சுமார் 400 வருடம் கழித்து வெர்ஜிலின் காவியத்துக்கு உரை எழுதிய செர்வியஸ். டைடோ ராணி தன் விருந்தில் ஏன் நடுவில் சாய்ந்தாள் என்று விளக்க அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது.