விசாரிப்பின் மதிப்பு: தானியங்கி ஏலத்துக்கு நாம் தரும் எடைகள்

கூகுள் ஆட்ஸில் Target CPA முறையைத் தேர்ந்தால், ஒவ்வொரு தேடலின்போதும் ஏலப்பொறி கணிக்க முயல்வது ஒன்றைத்தான்: இந்த நபர் விசாரிப்பாரா? தொலைபேசியில் அழைத்தவரும் விலைப்பட்டியலைத் தரவிறக்கியவரும் அதன் கணக்கில் சமம். Target ROAS முறையில் ஒவ்வொரு வகை விசாரிப்புக்கும் ஒரு ரூபாய் மதிப்பை நாம் கொடுக்கிறோம். பொறி எண்ணிக்கையை விட்டு மதிப்பைத் தேடுகிறது. அந்த மதிப்பு ஊகமாக இருக்கக்கூடாது, விற்பனைப் பதிவேட்டிலிருந்து வரவேண்டும் என்பது பலரும் ஏற்பது. அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பதிவேடு எல்லா வகை விசாரிப்புகளையும் ஒரே அளவுகோலால் அளந்திருந்தால்தான் எடைகள் செல்லும்.

எடை பிறக்கும் விதம்

வீட்டுக்கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். ஒரு விற்பனையில் அதற்கு ரூ.40,000 மொத்த இலாபம். வாங்குவதா வேண்டாமா என முடிவெடுக்கப் போதிய காலம் கடந்துவிட்ட விசாரிப்புகளை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. 120 தொலைபேசி அழைப்புகளில் 18 விற்பனை, 200 படிவங்களில் 20, 600 தரவிறக்கங்களில் 6. விற்பனை விகிதங்கள் முறையே 15%, 10%, 1%. இவற்றை இலாபத்தால் பெருக்கினால் ஓர் அழைப்பின் மதிப்பு ரூ.6,000, ஒரு படிவம் ரூ.4,000, ஒரு தரவிறக்கம் ரூ.400.

இப்போது தலா ரூ.30,000 செலவான இரண்டு தேடற்சொற்களை ஒப்பிடலாம். முதலாவது 60 விசாரிப்புகளைத் தந்தது: 2 அழைப்பு, 8 படிவம், 50 தரவிறக்கம். இரண்டாவது தந்தவை 20 மட்டுமே: 10 அழைப்பு, 10 படிவம். விசாரிப்புக்கான செலவு முதலாவதில் ரூ.500, இரண்டாவதில் ரூ.1,500. எண்ணிக்கையைத் துரத்தும் பொறி முதலாவதை நோக்கியே சாயும். மதிப்பைக் கூட்டினாலோ முதலாவது ரூ.64,000, இரண்டாவது ரூ.1,00,000. எதிர்பார்க்கத்தக்க விற்பனையும் அதே வரிசைதான்: 1.6, 2.5.

இரட்டைக் கணக்கு

விற்பனை முடிந்ததும் சொடுக்கின் GCLID அடையாளத்தோடு அதைத் திரும்பப் பதிவேற்றலாம். படிவத்துக்கு ரூ.4,000 கொடுத்துவிட்டு, அதே நபர் வாங்கும்போது மீண்டும் ரூ.40,000 சேர்த்தால் என்ன ஆகும்? பத்தில் ஒருவர் வாங்குவதால் சராசரிப் படிவத்தின் கணக்கு ரூ.8,000 ஆகிறது. எல்லா வகைகளும் இப்படி இரட்டித்தால் விகிதம் கெடாது. ஆனால் Target ROAS இலக்கு எட்டப்பட்டதுபோல் பொய்யாகத் தோன்றும்.

பெரும்பாலும் நடப்பது இதைவிட மோசமானது. படிவத்தில் GCLID சேமிக்கப்படுகிறது. தொலைபேசி விற்பனையை மூலச் சொடுக்கோடு இணைக்க யாரும் முனைவதில்லை. அப்போது படிவம் ரூ.8,000, அழைப்பு ரூ.6,000 என்று நிற்கும். உண்மையில் மேலான விசாரிப்பு கீழே தள்ளப்படுகிறது. எனவே ஒரே ஒரு கட்டத்தை மட்டும் Primary என வைத்து, மற்றவற்றை Secondary ஆக்குவதே பாதுகாப்பு. விற்பனை மாதத்துக்குச் சிலவே நடக்கும் தொழிலில் அந்தக் கட்டம் விசாரிப்பாகவே இருப்பது நல்லது. சில விற்பனைகளிலிருந்து பொறி கற்கக்கூடியது குறைவு.

விகிதம் எதை அளக்கிறது?

இதைவிட ஆழமான பிழை பதிவேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேற்கண்ட 200 படிவங்களைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்குள் பதில் அழைப்புப் பெற்றவை 80. அவற்றில் 14 விற்பனை, அதாவது 17.5%. மறுநாள் அழைக்கப்பட்டவை 120. அவற்றில் 6 விற்பனை, 5%. விரைந்து கவனிக்கப்பட்ட படிவத்தின் மதிப்பு ரூ.7,000 ஆகிறது, தொலைபேசி அழைப்பையும் விஞ்சுகிறது. நாம் கொடுத்த ரூ.4,000 வாடிக்கையாளரின் நாட்டத்தோடு அலுவலகத்தின் தாமதத்தையும் சேர்த்தே அளந்திருக்கலாம். அந்த எடையை நம்பிப் பொறி படிவம் நிரப்புவோரைத் தவிர்க்கும். தாமதம் விளம்பரக் கணக்கில் நிலைபெற்றுவிடும். பிறகு அதை யாரும் தாமதமென்று அறியமாட்டார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அலுவலகம் திறந்திருக்கும் பகலில் படிவம் நிரப்புவோர் இயல்பிலேயே வாங்கும் எண்ணம் மிக்கவர்களாக இருக்கலாம். விரைவான அழைப்பு அவர்களுக்கு வாய்த்தது தற்செயல். மறுப்பு நியாயமானதே. பிரித்துப் பார்ப்பது மட்டும் காரணத்தை நிறுவாது. ஒரு மாதம் எல்லாப் படிவங்களுக்கும் ஒரு மணி நேரத்துக்குள், இரவில் வந்தவற்றுக்கு மறுநாள் அலுவலகம் திறந்தவுடன், பதில் அழைப்பு செய்து விகிதத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். அது உயர்ந்தால் குறை அலுவலகத்தில் இருந்தது. உயராவிட்டால் பழைய எடை சரி.

ஆகவே எடைகளைப் பதியும் முன் இரண்டு சோதனைகள் வேண்டும்: ஒவ்வொரு வகை விற்பனையும் அதன் மூலச் சொடுக்கை ஒரே அளவு எட்டுகிறதா, ஒவ்வொரு வகை விசாரிப்பும் ஒரே அளவு விரைவில் கவனிக்கப்பட்டதா. இவற்றில் தேறாத எண்ணைப் பொறியிடம் கொடுத்தால், அது நம் பிழையையே நம் பணத்தைக் கொண்டு வளர்க்கும்.