எண்ணும் உகரமும்: சீக்கிய மறையின் முதல் தொடர்

புனே மாவட்டத்து ஆளந்தியில் சமாதி கொண்ட ஞானேஸ்வரர் 1290-இல் இயற்றிய ஞானேஸ்வரியைப் படிப்போர், பெயர்ச்சொற்களின் ஈற்றில் ஒரு குறில் உகரத்தை அடிக்கடி காண்பர். இன்றைய மராத்தியில் 'தேவ்' என்று ஒலிப்பது அங்கே 'தேவு' என நிற்கும். அது ஆண்பால் ஒருமை எழுவாயின் அடையாளம். அபபிரம்ச மொழியிலிருந்து வந்தது. இதே ஈறு, 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்திலும் உண்டு. மராத்திய நாட்டு நாமதேவரின் 61 பாடல்கள் இடம்பெற்ற நூல் அது. அதன் தொடக்கமான மூல மந்திரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்தறிய இந்த ஈறே திறவுகோலாகிறது.

மந்திரம் சொல்லால் தொடங்கவில்லை. 1 என்னும் எண்ணால் தொடங்குகிறது. அதை அடுத்து, மேல்நோக்கி நீண்ட கோட்டுடன் 'ஊடா' என்னும் குர்முகி எழுத்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 'இக் ஓஅங்கார்' என்று வாசிக்கப்படும். கிரந்தத்தை ஏட்டில் எழுதிய பாயி குருதாசரே தம் வார்களில், எண் ஒருமையையும் எழுத்து ஓங்காரத்தையும் குறிப்பதாக விளக்கியுள்ளார். ஓங்காரத்தை அ, உ, ம என மூன்றாகப் பகுத்து மூன்று தெய்வங்களுக்கு உரியதாக்கும் மரபு பழையது. முன்னால் நிற்கும் எண் அப்பகுப்புக்கு இடம் தரவில்லை. மேலும், எண்ணுக்குப் பால் இல்லை. வேற்றுமை உருபும் இல்லை. தமிழில் பெயர்ப்பவர் 'ஒன்று', 'ஒருவன்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மூலம் அத்தேர்வைச் செய்யவில்லை.

அடுத்தது 'ஸதி நாமு'. 'நாமு' என்பதன் உகரம் ஒருமை எழுவாயைக் காட்டுகிறது. 'மெய்யே பெயராக உடையது' என அன்மொழித்தொகையாகவும், 'பெயர் மெய்யானது' என எழுவாயும் பயனிலையுமாகவும் இதனைக் கொள்வர். வினைமுற்று இல்லாத தொடராதலின் இரண்டுக்கும் இடமுண்டு. 'கர்தா புரகு' என்பதில் புருஷன் என்னும் வடசொல் திரிந்து நிற்கிறது. சாங்கியத்தில் புருஷன் செயலற்ற சாட்சி. செயல் பிரகிருதிக்கு உரியது. இங்கோ படைப்போன் என்னும் சொல் புருஷனோடு சேர்க்கப்பட்டுள்ளது. செயலுக்கு வேறொரு தத்துவம் தேவையில்லை என்பது இதன் பொருள்.

'நிர்பௌ', அச்சமற்றது, 'நிர்வைரு', பகையற்றது. இரண்டும் ஒருமையின் விளைவுகள். இரண்டாவது ஒன்று இருந்தால்தான் அஞ்சவும் பகைக்கவும் இயலும்.

அடுத்து வரும் 'அகால் மூரதி'யில் ஈறு மாறுகிறது. 'அகால்' தனிப்பெயராக நின்றிருந்தால் 'அகாலு' என்று உகரம் பெற்றிருக்கும். அது பெறாமையால், 'மூரதி'யைத் தழுவிய அடையாகிறது. ஆகவே 'காலமற்றது, வடிவுடையது' என இரண்டாகப் பிரித்தல் பிழை. 'காலத்துக்கு உட்படாத வடிவம்' என ஒன்றாகக் கொள்ளவேண்டும். 'அஜூனி' என்பது யோனிவாய்ப் பிறவாதது. 'ஸைபங்' என்பது சுயம்பு என்பதன் திரிபு. முன்னது பிறப்பை மறுக்கிறது. பின்னது, பிறவாமல் எவ்வாறு உளது என்பதற்கு விடை தருகிறது.

இறுதியில் 'குர் பிரஸாதி'. 'குர்' உகரம் பெறவில்லை. எனவே அது எழுவாய் அன்று, 'குருவின்' என்னும் உடைமைப் பொருளது. 'பிரஸாதி'யின் இகரம் மூன்றாம் வேற்றுமைக்கு உரியது. 'குருவின் அருளால்' என்பதே பொருள். 'அதுவே குரு, அதுவே அருள்' என்னும் உரை இசைக்கு இனிதாயினும் ஈறுகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. முன்னைய சொற்கள் இறையின் இயல்பைக் கூற, இது ஒன்றே அறியும் வழியைக் கூறுகிறது.

இக்குறில்களுட் பெரும்பாலானவை ஓதும்போது ஒலிப்பதில்லை. 'நாமு' என்பது 'நாம்' என்றும், 'நிர்வைரு' என்பது 'நிர்வைர்' என்றுமே செவியில் விழும். பழைய ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆகவே கேட்டு எழுதியவர்களும் கேட்டு உரைத்தவர்களும் சொற்பிரிப்பில் பிழைத்தனர். 20-ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் சாகிப் சிங் கிரந்தம் முழுவதையும் ஒப்பிட்டு இவ்வீறுகளின் இலக்கணத்தை வகுத்த பின்னரே உரைக்கு உறுதியான அளவுகோல் கிடைத்தது.

அந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. உகர ஈறு அந்நூலில் ஆண்பால் ஒருமைப் பெயர் எதற்கும் வரும். வீட்டுக்கும் மரத்துக்கும் பொதுவானது. ஆகவே இறைவன் ஒன்று என்னும் கொள்கைக்கு அது சான்றாகாது. எச்சொல் எதனைத் தழுவுகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒருமைக் கொள்கையைத் தாங்கி நிற்பது தொடக்கத்திலுள்ள எண் மட்டுமே.