சாய்வுக்கோட்டு வரைபடம்: மலையக மாவட்டங்களின் குடிசன மதிப்பீட்டை முன்வைத்து

சாய்வுக்கோட்டு வரைபடம் என்பது, பல வகுப்புகளின் அளவுகள் ஒரு காலத்தில் எவ்வாறு இருந்தன, பிறிதொரு காலத்தில் எவ்வாறு ஆயின என்பதை ஒரே பார்வையிற் காட்டும்பொருட்டு, இரண்டு செங்குத்து அச்சுகளை நிறுத்தி, இடப்புற அச்சில் முந்திய ஆண்டின் அளவையும் வலப்புற அச்சில் பிந்திய ஆண்டின் அளவையும் புள்ளியிட்டு, ஒவ்வொரு வகுப்பின் இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து வரையப்படும் படமாகும். அமெரிக்கப் புள்ளியியலறிஞர் எட்வர்ட் டஃப்டி 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பதினைந்து தேசங்களின் அரசாங்க வருமானம் 1970இலும் 1979இலும் தேசிய உற்பத்தியில் எத்தனை விகிதமாயிருந்தது என்பதை இம்முறையில் வரைந்து காட்டியதன் பின்னரே இது பரவலான வழக்குக்கு வந்தது.

இம்முறையின் பயனையும் எல்லையையும் அறிவதற்கு இலங்கையின் மலையகத்தைக் காட்டிலும் தக்க களம் கிடைப்பது அரிது. 1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டுக்கும், அதன் பின் நாடு முழுவதையும் தடையின்றி எண்ணிய 2012ஆம் ஆண்டின் மதிப்பீட்டுக்கும் இடையே முப்பத்தோராண்டு இடைவெளி இருக்கின்றது. 2001இல் நடந்த மதிப்பீடு போரின் காரணமாக வடக்கு, கிழக்குப் பகுதிகளிற் பூர்த்தியாகவில்லை. ஆகவே இந்த இடைவெளியில் நாடு தழுவிய ஒப்பீட்டை விரும்புவோர்க்கு அதன் இரு எல்லையாண்டுகளே கைக்கெட்டுகின்றன. இரண்டே காலப்புள்ளிகள் உள்ள இடத்திற்காகவே இவ்வரைபடம் அமைந்தது.

மாவட்டந்தோறும் ‘இந்தியத் தமிழர்’ என்ற வகுப்பிற் பதியப்பட்டோர் மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை எடுத்துக்கொள்வோம். முழு எண்ணாகச் சுருக்கிச் சொன்னால், நுவரெலியாவில் 47 ஆக இருந்தது 53 ஆயிற்று. பதுளையில் 21 என்பது 18 ஆயிற்று. கண்டியில் 9 என்பது 6 ஆயிற்று. மாத்தளையில் 7 என்பது 5 ஆயிற்று. கட்டத்தாளில் ஒரு விகிதத்துக்கு 2 மில்லிமீற்றர் எனக் கொண்டு, இரு அச்சுகளையும் 10 சென்றிமீற்றர் இடைவிட்டு நிறுத்தி, இரண்டிலும் பூச்சியத்தை ஒரே மட்டத்தில் வைத்து வரைந்தால், நுவரெலியாவின் கோடு மற்றவற்றுக்கெல்லாம் மிக உயரத்திலே தனித்து நின்று 12 மில்லிமீற்றர் மேலேற, ஏனைய மூன்றும் கீழே இறங்குகின்றன. எண்களை நிரல்படுத்திய அட்டவணையில் ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பார்த்து அறிய வேண்டிய திசைமாற்றம், இங்கே கோட்டின் சாய்வாகவே கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு கோட்டின் இரு நுனியிலும் மாவட்டத்தின் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால் தனிக் குறிவிளக்கம் வேண்டியதில்லை. இடர் வருவது அச்சின் அடிப்பகுதியிலேதான். வலப்புறத்தில் கண்டியின் 6க்கும் மாத்தளையின் 5க்கும் நடுவே 2 மில்லிமீற்றரே இருக்க, எழுத்தின் உயரமோ 3 மில்லிமீற்றர் ஆகையால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அப்போது பெயர்களைச் சற்று விலக்கி எழுதலாமேயன்றிப் புள்ளிகளை விலக்குதல் ஒருபோதும் ஆகாது. மாவட்டங்கள் அனைத்தையும் ஒரே படத்தில் ஏற்றுவோர், பேசவேண்டிய மூன்று நான்கு கோடுகளைக் கருமையாகவும் மற்றவற்றை வெளிறிய சாம்பல் நிறத்திலும் வரைவது இந்நெருக்கடி கருதியே.

இனி, பதுளையின் கோட்டையும் கண்டியின் கோட்டையும் கூர்ந்து நோக்குக. இரண்டும் மும்மூன்று விகிதம் இறங்கியமையால் இணைகோடுகளாகத் தோன்றுகின்றன; பார்ப்பவர் இரு மாவட்டங்களுக்கும் ஒரே கதி நேர்ந்ததென்றே கொள்வர். ஆயினும் பதுளையில் அவ்வகுப்பு தன் பங்கில் ஏழிலொன்றை இழந்திருக்க, கண்டியில் மூன்றிலொன்றை இழந்திருக்கிறது. இவ்விகிதாசார இழப்பையே காட்ட விரும்பினால் மடக்கை அளவுத்திட்டத்தைக் கொள்ள வேண்டும். அதில் கண்டியின் கோடு பதுளையினதைக் காட்டிலும் தெளிவாகச் செங்குத்தாக விழும். எந்த அளவு அச்சில் ஏறுகிறது என்பதும் இவ்வாறே முடிவை மாற்ற வல்லது. நாடு முழுவதிலும் இவ்வகுப்பினர் 1981இல் 8,18,656 பேராகவும் 2012இல் 8,39,504 பேராகவும் எண்ணப்பட்டனர். தலைக்கணக்கை வரைந்தால் கோடு மெல்ல ஏறும், மொத்த ஜனத்தொகையின் விகிதத்தை வரைந்தால் 5.5இலிருந்து 4.1க்கு இறங்கும். இரண்டும் உண்மையே, எதனை வரைந்தோம் என்பதை அச்சின் தலைப்பிலேயே எழுதிவைப்பது வரைபவரின் கடமை.

இவற்றினும் ஆழமான இடையூறு ஒன்றுண்டு. இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்கும்போது, இடப்புறத்து வகுப்பும் வலப்புறத்து வகுப்பும் ஒன்றே என்ற உறுதியை வரைபவர் சொல்லாமற் சொல்லிவிடுகிறார். மாவட்டங்களில் இதற்கு எளிய உதாரணம் கிளிநொச்சி: 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகையால் 1981இன் அச்சில் அதற்குப் புள்ளியே கிடையாது; 2012இல் இரண்டையும் கூட்டி ஒரே கோடாக வரைந்தாலன்றி ஒப்பீடு பொய்யாகும். இத்தகைய எல்லைமாற்றத்தை அரசாங்க அறிவித்தலைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். மக்கள் தம்மைப் பதிவுசெய்யும் பெயர் மாறினாலோ எந்த அறிவித்தலும் வருவதில்லை.

நுவரெலியாவின் ஏறுகோடு அத்தகையது. அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தோட்டப் பகுதிகளை உள்ளடக்கிய அம்மாவட்டத்துக்கு மட்டும் இனவாரியாகத் தனியொரு சாய்வுப் படம் வரைந்தால், இந்தியத் தமிழரின் கோடு 47இலிருந்து 53க்கு ஏறுகையில், ‘இலங்கைத் தமிழர்’ என்ற கோடு 13.5இலிருந்து ஏறத்தாழ 4.5க்குச் சரிகிறது. ஒரு கோடு எழ, அதன் அண்டையிலுள்ள மற்றொன்று அதையொத்த அளவில் விழுமாயின், மனிதர் இடம்பெயர்ந்தனரா, பெயர்தான் இடம்பெயர்ந்ததா என்று ஐயுறுதல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகி, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு தேசங்களும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அவ்வழியில் இலங்கைப் பிரஜாவுரிமை பெற்ற தோட்டத்து மக்களிற் பலர் 1981இல் இலங்கைத் தமிழரெனப் பதியப்பட்டனர் என்பதே ஆய்வாளர் பொதுவாக ஒப்பும் விளக்கம். லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த இரு சகோதரரின் குடும்பங்கள், பிரஜாவுரிமைப் பத்திரத்தையொட்டி வெவ்வேறு வகுப்பில் எண்ணப்படக்கூடிய நிலை அன்று இருந்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பிரஜாவுரிமை கிட்டிய பின், பதிவுப் பெயர் அவ்வுரிமையைச் சார்ந்து நிற்க வேண்டிய தேவை பெரிதும் நீங்கியது.

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி கடினமானதன்று. ஐயத்துக்குரிய இரு வகுப்புகளையும் கூட்டி மூன்றாவது கோடொன்று வரைந்து பார்க்க வேண்டும். நுவரெலியாவில் அக்கூட்டுக்கோடு ஏறத்தாழ 61இலிருந்து 58க்கு இறங்குகிறது. அதாவது, முதற்படத்தில் எல்லா மாவட்டங்களும் இறங்க ஒன்று மட்டும் ஏறியதாகத் தோன்றிய காட்சி, வகுப்பைச் சீர்படுத்தியதும் மறைந்து, அந்த மாவட்டமும் மெல்லிய இறக்கத்தையே காட்டுகிறது.

நேர்கோடு இடைக்கால நிகழ்ச்சிகளைப் பற்றி யாதும் கூறுவதில்லை என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். 1983இன் கலவரமும், 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பற் போக்குவரத்து நின்று தாயகம் திரும்புவோர் பயணம் தடைப்பட்டதும் அக்கோட்டின் எந்த இடத்திலும் தென்படா. ஆயினும் மலையக மாவட்டங்களைப் பொறுத்தவரை 2001இன் மதிப்பீடு பூர்த்தியானதாகையால், மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்று வினவுவோர் அவ்வாண்டுக்கும் ஓர் அச்சை இடையிலே நிறுத்தலாம். அப்போது ஆண்டு இடைவெளிக்கேற்ப, முதலச்சுக்கும் நடுவச்சுக்கும் 20 பங்கும், நடுவச்சுக்கும் கடையச்சுக்கும் 11 பங்கும் விட்டு வரைதல் அவசியம். சமதூரத்தில் நிறுத்தினால் பிந்திய பதினோராண்டின் வேகம் குறைந்ததுபோற் காட்சிதரும்.