வயதுத் தரக்குறியீடு

வயதுத் தரக்குறியீடு என்பது ஒரு திரைப்படமோ நிகழ்பட ஆட்டமோ (வீடியோ கேம்) எந்த வயதினருக்கு ஏற்றது என்பதைக் காட்டும் குறியீடு ஆகும். இது ஆக்கத்தின் சிறப்பையோ ஆட்டத்தின் கடினத்தையோ அளப்பதில்லை. வன்முறை, பாலியல் காட்சி, கடுஞ்சொல், போதைப்பொருள் போன்ற உள்ளடக்கங்களையே கருத்தில் கொள்கிறது. குறியீட்டை வழங்குவோர் ஆக்கத்தில் எவ்வளவு பகுதியைப் பார்க்கின்றனர் என்பதில் திரைப்படத்துக்கும் ஆட்டத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. குறியீட்டை எந்த அளவு நம்பலாம் என்பதும் இதையே பொறுத்தது.

திரைப்படங்கள்

இந்தியாவில் நடுவண் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் ஆய்வுக்குழு, படத்தை முழுவதும் பார்த்த பின்னரே சான்றிதழைப் பரிந்துரைக்கிறது. 'யு' சான்றிதழ் பெற்ற படத்தை அனைவரும் காணலாம். 'ஏ' சான்றிதழ் 18 வயது நிறைந்தோருக்கு உரியது. இவற்றுக்கு இடைப்பட்ட 'யுஏ' பிரிவு 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 'ஏ' படத்துக்குச் சிறுவரை அனுமதிப்பது குற்றமாகும். யுஏ எண்களோ பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. அவற்றைக் கடைப்பிடிப்பது பெற்றோரின் பொறுப்பு.

நிகழ்பட ஆட்டங்கள்

இரண்டரை மணி நேரப் படத்தை ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். ஓர் ஆட்டமோ ஐம்பது மணி நேரம் நீளலாம். ஆடுபவரின் தெரிவுக்கேற்பக் காட்சிகளும் மாறும். எனவே முழு ஆட்டத்தையும் ஆடிப் பார்த்துத் தரமிடுவது அரிது.

ஐக்கிய அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் தரமதிப்பீட்டு வாரியம் இதற்கு வேறு வழியைக் கையாள்கிறது. கடைகளில் பெட்டியில் விற்கப்படும் ஆட்டமாயின், வெளியீட்டாளர் விரிவான வினாத்தாளை நிரப்பித் தர வேண்டும். ஆட்டத்தின் மிகக் கடுமையான காட்சிகள் அடங்கிய நிகழ்படத்தையும் உடன் அளிக்க வேண்டும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் குறைந்தது மூவர் அதைப் பார்த்துத் தரத்தைப் பரிந்துரைக்கின்றனர். ஆகவே வெளியீட்டாளர் எதைக் காட்டுகிறாரோ அதற்கே தரம் கிடைக்கிறது.

கைப்பேசி ஆட்டங்களில் இம்முறை மேலும் சுருங்குகிறது. கூகுள் பிளே போன்ற தளங்களில் உருவாக்குநர் ஒரு வினாத்தாளுக்கு விடையளித்தவுடன் தரக்குறியீடு தானாகவே வழங்கப்படுகிறது. இந்தியாவில் அங்குக் காணப்படும் 3+, 7+, 12+, 16+, 18+ ஆகிய குறியீடுகள் இவ்வாறு கிடைத்தவையே. தவறான விடைகள் பின்னர் நடக்கும் சோதனையிலோ முறையீட்டிலோதான் வெளிப்படும்.

சான் ஆண்ட்ரியாஸ் நிகழ்வு

இம்முறையின் குறையை 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' வெளிக்காட்டியது. 2004 அக்டோபரில் வெளிவந்த இவ்வாட்டம் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'எம்' குறியீட்டைப் பெற்றிருந்தது. உருவாக்குநர்கள் கைவிட்ட ஒரு பாலியல் காட்சி நீக்கப்படாமல், முடக்கப்பட்ட நிலையில் வட்டிலேயே இருந்தது. வழக்கமான முறையில் ஆடுபவர் அதை அடைய இயலாது. 2005 சூனில் கணினிப் பதிப்பு வெளிவந்தபின், ஆர்வலர் ஒருவர் வெளியிட்ட சிறு மாற்றுநிரல் அக்காட்சியைத் திறந்துவிட்டது.

2005 சூலை 20 அன்று வாரியம் குறியீட்டை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'ஏஓ' என மாற்றியது. வேறுபாடு ஓராண்டே ஆயினும், பெரும் அங்காடிகள் 'ஏஓ' ஆட்டங்களை விற்பதில்லை என்பதால் விற்பனையிலிருந்து அது விலக்கப்பட்டது. அக்காட்சி நீக்கப்பட்ட பதிப்பு மீண்டும் 'எம்' குறியீட்டுடன் வெளிவந்தது. இதன்பின் வட்டில் பூட்டப்பட்டுள்ள உள்ளடக்கத்தையும் வெளியீட்டாளர் அறிவிக்க வேண்டும் என வாரியம் விதித்தது.

பெற்றோர் பயன்படுத்தும் முறை

எண்ணைக் காட்டிலும் அதனுடன் உள்ள உள்ளடக்கக் குறிப்பு பயன்மிக்கது. 12+ குறியீடு பெற்ற இரண்டு ஆட்டங்களில் ஒன்று சண்டைக்காகவும் மற்றொன்று கடுஞ்சொல்லுக்காகவும் அதனைப் பெற்றிருக்கலாம். எளிதில் அஞ்சும் குழந்தைக்கு இரண்டாவதைவிட முதலாவதே பொருந்தாததாக இருக்கக்கூடும். குறிப்பு ஐயம் தருமாயின், ஒருவர் அவ்வாட்டத்தை ஆடும் நிகழ்படத்தை இணையத்தில் சில நிமிடம் பார்ப்பது உதவும்.

இணையவழி ஆட்டத்தில் பிற ஆட்டக்காரர்கள் பேசுவதும் எழுதுவதும் தரமிடப்படுவதில்லை. 3+ எனக் குறிக்கப்பட்ட ஆட்டத்திலும் அறிமுகமற்றோர் குழந்தையுடன் உரையாட முடியும். எனவே பயனர்கள் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளலாம் என்ற குறிப்பு உள்ளதா எனப் பார்த்து, தேவையெனில் உரையாடல் வசதியை ஆட்ட அமைப்பில் அணைத்துவிட வேண்டும். தனியார் உருவாக்கும் மாற்றுநிரல்களுக்கும் தரக்குறியீடு கிடையாது.

கூகுள் பிளேயில் பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி, கடவு எண்ணுடன் வயது வரம்பை அமைக்கலாம். இவ்வரம்பு அது அமைக்கப்பட்ட கருவிக்கு மட்டுமே பொருந்தும். முன்பே நிறுவப்பட்ட ஆட்டங்களை அது நீக்குவதில்லை. அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும்.